எட்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம்: பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு கணக்கு

பழனிசெட்டிபட்டி தேனி நகரத்தோடு ஒட்டிய பேரூராட்சி. கம்பம் சாலை ஊரின் ஊடே போகிறது, பக்கத்தில் முல்லைப் பெரியாறு ஓடுகிறது. இங்கே வீடு இருப்பவர்களுக்கு வேலை மூன்று பக்கமாகப் பிரிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே தேனி: கடைகள், மருத்துவமனைகள், நூற்பாலைகள், அலுவலகங்கள். கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை. மேற்கே மலைமேல் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். அவற்றுக்கு இந்த ஊரைவிடப் போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து போகிறவர்கள்தான் அதிகம். தூரம் கூடக்கூடச் சம்பளமும் கூடுகிறது. அந்தக் கூடுதல் பணம் உண்மையிலேயே வீடு வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு அவசரப் பதில்கள் கிடைக்கின்றன. 'எட்டாயிரம் ரூபாய் கூடத் தருகிறான், பஸ்ஸுக்கு மூவாயிரம் போனாலும் ஐந்தாயிரம் மிச்சம்' என்பது ஒன்று. 'உடம்பு கெட்டுப்போகும், உள்ளூரிலேயே இரு' என்பது இன்னொன்று. முதலாமவர் நேரத்துக்கு விலை போடவில்லை, இரண்டாமவர் பணத்துக்கே விலை போடவில்லை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர எளிய வழி உண்டு. புது வேலையால் கையில் கூடுதலாக நிற்கும் பணத்தை, அந்த வேலைக்காகக் கூடுதலாகச் செலவாகும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும். வருவது சாலையில் கழிகிற ஒவ்வொரு மணிக்கும் கிடைக்கும் கூலி. அந்தக் கூலிக்கு வேறு யாராவது கூப்பிட்டால் போவோமா என்று கேட்டால் முடிவு தெரிந்துவிடும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். தொகைகளை நான் எடுத்துக்காட்டாக வைக்கிறேன், அவரவர் தம் தொகையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தேனியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் 23,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது. இரண்டிலும் மாதம் 26 நாள், நாளுக்கு உணவு இடைவேளையோடு 9 மணி நேரம். வருங்கால வைப்பு நிதிக்கு இரண்டு இடத்திலும் 15,000 ரூபாய் உச்சவரம்பின்மேல் 1,800 ரூபாயே பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். அதனால் அது இந்தக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

முதலில் தேனி வேலையின் உண்மையான போக்குவரத்துச் செலவு. வீட்டிலிருந்து அலுவலகம் மூன்று கிலோமீட்டர் என்றால் போக வர ஆறு, மாதத்துக்கு 156 கிலோமீட்டர். பைக்கில் போகிறவர் பெட்ரோலை மட்டும்தான் கணக்கில் எடுப்பார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். ஆனால் டயர், ஆயில், செயின், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் இன்னும் அறுபது காசு. வாங்கிய விலைக்கும் ஓட்டித் தேய்ந்தபின் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை ஓடிய தூரத்தின்மேல் பரப்பினால் மேலும் எழுபது காசு அளவுக்கு வரும். ஆக, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 30 காசு. மாதத்துக்கு ஏறத்தாழ 515 ரூபாய்.

மதுரை இங்கிருந்து கிட்டத்தட்ட 78 கிலோமீட்டர். போக வர 156. தேனிக்கு ஒரு மாதம் முழுக்கப் போய்வரும் தூரத்தை மதுரைக்குப் போகிறவர் ஒரே நாளில் கடக்கிறார். பைக்கில் போனால் மாதச் செலவு தினச் செலவாகிவிடும். அதனால் பஸ்தான். தமிழகத்தில் 2018 ஜனவரி கட்டண மாற்றத்துக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 75 காசு என்று நின்றது. அந்தக் கணக்கில் ஒரு வழிக்கு 60 ரூபாய்க்குச் சற்று முன்பின் ஆகும். 65 என்று வைத்துக்கொள்வோம். ஆரப்பாளையத்தில் இறங்கி வேலையிடத்துக்கு நகரப் பேருந்து பத்து ரூபாய். நாளுக்கு 150, மாதத்துக்கு 3,900.

இதோடு நின்றால் கணக்கு பாதிதான். ஆறு மணிக்கு முன்பே கிளம்புகிறவர் காலைச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடுவதில்லை. மாலையில் பஸ் ஏறுமுன் டீயும் வடையுமாவது வேண்டும். தேனியில் வேலை பார்த்தபோது இந்தச் செலவே கிடையாது, மதியம்கூட வீட்டுக்கு வந்துபோகலாம். நாளுக்கு 60 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் மாதத்துக்கு 1,560. ஆக மதுரை வேலையின் வழிச்செலவு 5,460. பழைய 515-ஐக் கழித்தால் கூடுதல் செலவு 4,945 ரூபாய்.

அடுத்து வருவது, பெரும்பாலோர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனிக்கும் விஷயம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். 15,000 வாங்குகிறவர் தன் சம்பளத்தில் முக்கால் விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 110 ரூபாய் கட்டுகிறார். அதற்கு ஈடாக அவருக்கும் மனைவி மக்களுக்கும் அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. நோய்வாய்ப்பட்டுப் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பணமாக வரும். பெண்ணாக இருந்தால் 26 வாரப் பேறுகாலப் பணமும் உண்டு. 23,000 ரூபாய் வேலையில் சேர்ந்ததும் இந்தக் குடை போய்விடுகிறது. சம்பளச் சீட்டில் 110 ரூபாய் மிச்சமானதாகத்தான் தெரியும். வெளியே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க மாதம் 1,200 ரூபாயாவது ஒதுக்க வேண்டும் என்று கொள்கிறேன். வயதான பெற்றோரையும் சேர்த்தால் அது போதாது. படுத்த நாளுக்குப் பணம் தரும் வசதியும் அந்தக் காப்பீட்டில் இருக்காது. சம்பளம் 21,000-ஐ ஒட்டி மேலே போகிற எந்த வேலையையும் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு முறை பார்க்க வேண்டும். 20,500 ரூபாய் வேலை 22,000 ரூபாய் வேலையைவிட லாபமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு.

இப்போது கூட்டிக் கழிக்கலாம். சம்பள வித்தியாசம் 8,000, பிடித்தம் நின்றதால் 110. அதில் 4,945 வழிக்கும் வயிற்றுக்கும் போகிறது, 1,200 காப்பீட்டுக்கு. கையில் நிற்கும் கூடுதல் 1,965 ரூபாய்.

நேரத்தையும் பார்த்துவிடலாம். பஸ் அட்டவணை இரண்டு மணி நேரம் என்று சொல்லும். வீட்டு வாசலிலிருந்து வேலையிட வாசல்வரை எண்ணினால், நிறுத்தத்தில் காத்திருப்பதும் உசிலம்பட்டியில் நிற்பதும் ஆரப்பாளையத்தில் மாறுவதும் சேர்ந்து இரண்டே முக்கால் மணி. நாளுக்கு ஐந்தரை. மாதத்துக்கு 143 மணி நேரம். தேனிக்குப் போய்வர நாளுக்கு நாற்பது நிமிடம், மாதத்துக்கு 17 மணி. வித்தியாசம் 126 மணி நேரம். 1,965 ரூபாயை 126-ஆல் வகுத்தால் மணிக்குப் பதினைந்தரை ரூபாய். இந்த மனிதரின் தேனிச் சம்பளமே மணிக்கு 64 ரூபாய் ஆகிறது. 64 ரூபாய்க்கு உழைக்கிறவர் தன் நாளின் மிகச் சோர்வான மணிகளைப் பதினைந்தரை ரூபாய்க்குக் கொடுக்கிறார். பழைய நிறுவனத்தில் ஈ.எஸ்.ஐ.யே இல்லையென்றால், தேனியின் சிறு கடைகள் பலவற்றில் அதுதான் நிலை, இந்தத் தொகை 24 ரூபாய் ஆகும். அப்போதும் பாதிக்குக் கீழேதான்.

அப்படியானால் மதுரைச் சம்பளம் எவ்வளவு இருந்தால் சரி? சாலையில் போகும் மணிக்கும் முழு 64 ரூபாய் வேண்டும் என்றால் 126 மணிக்கு 8,064 ரூபாய். கூடுதல் செலவுகள் 6,035. சம்பளம் பதினான்காயிரம் உயர்ந்து 29,000-ஐத் தாண்ட வேண்டும். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் பயண நேரத்துக்கு ஊதியத்தில் பாதி மதிப்புப் போடுவது பரவலான வழக்கம். பஸ்ஸில் தூங்கலாம், படிக்கலாம், முழு நேரமும் வீணல்ல என்பது அதன் நியாயம். அப்படிப் போட்டாலும் 25,000 தேவை. ஆக, மூன்று கிலோமீட்டரில் வேலை இருக்கும் ஒருவர் 78 கிலோமீட்டருக்குத் தினமும் போய்வர, சம்பளம் ஒன்றரை மடங்கு ஆவது போதாது. ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கினால் யோசிக்கலாம். இரட்டிப்பானால் தாராளமாகப் போகலாம். தேனியிலிருந்து போடிக்கு, அதாவது 15 கிலோமீட்டருக்குப் போகிறவருக்கு இந்த அளவு பொருந்தாது. அங்கே மூவாயிரம் நாலாயிரம் கூடுதலாகக் கிடைத்தாலே பெரும்பாலும் லாபம்.

வழிச்செலவு அதிகமானால் வருமான வரியில் ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் 1,600 ரூபாய்வரை போக்குவரத்துப் படிக்கு இருந்த விலக்கு 2018 பட்ஜெட்டோடு போய்விட்டது. அதற்குப் பதில் வந்த நிலையான கழிவு, மூன்று கிலோமீட்டர் போகிறவருக்கும் எழுபத்தெட்டு போகிறவருக்கும் ஒன்றுதான். தூரத்தின் சுமையை அரசு பங்கிட்டுக்கொள்வதில்லை.

இதே கணக்கு ஒரு பெண்ணுக்கு வேறு விதமாக விழுகிறது. 2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் வழிச்செலவு பூஜ்யம். மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் முழுக் கட்டணம். தூரம் கூடும்போது செலவு படிப்படியாகக் கூடுவதில்லை, நகரப் பேருந்தின் எல்லையில் ஒரேயடியாக ஏறுகிறது. மதுரைக்குள்ளும் அவர் கட்டணப் பேருந்திலேயே போக நேர்ந்தால், மேலே போட்ட கணக்கில் கூடுதலாக நிற்பது 1,450 ரூபாய், மணிக்குப் பதினொன்றரை. இந்தத் திட்டம் பெண்களைப் பக்கத்து வேலைகளில் அமர்த்துவதில் பெரும் பங்காற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வேலையின் சம்பளம் தாழ்ந்தே இருக்கவும் அதுவே இடம் கொடுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வழிச்செலவு இல்லாத ஊழியரைத் தக்கவைக்க முதலாளி அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

நேரத்தின் விலையும் அவருக்கு வேறு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுவதாகவும், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் சொல்கிறது. ஒன்பது மணி நேர வேலையோடு ஐந்தரை மணி நேரப் பயணம் சேர்ந்தால் மிச்சம் ஒன்பதரை மணி. அதில் ஐந்து மணி வீட்டு வேலைக்குப் போனால் தூக்கத்துக்கு நாலரை. எந்தப் பெண்ணும் மாதக்கணக்கில் அப்படி வாழ முடியாது. ஒன்று, வீட்டில் மாமியாரோ அம்மாவோ அந்த வேலையைச் சுமக்கிறார்கள். அல்லது ஆறு மாதத்தில் வேலையை விடுகிறார். விட்டால் தேனியின் பழைய இடம் காத்திருக்காது என்பது அந்தக் கணக்கில் எழுதப்படாத நஷ்டம்.

பிரான்ஸில் வேலை தேடுவோர் பதிவுகளை வைத்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்கள் குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டாவது பக்கத்து வேலையை எடுப்பதையும், பயண நேரத்துக்கு அவர்கள் வைக்கும் விலை ஆண்களுடையதைவிட 20 விழுக்காடு அளவுக்கு அதிகம் என்பதையும் கண்டது. பிரிட்டனில் 2011-இல் வந்த இன்னோர் ஆய்வில் நெடும்பயணம் பெண்களின் மனநலத்தைப் பாதித்தது, ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. வீட்டுப் பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பயணம் கனக்கிறது என்பதே இதன் பொருளாக எனக்குப் படுகிறது. 'அவளுக்கு லட்சியம் இல்லை, உள்ளூரிலேயே இருந்துவிட்டாள்' என்று பேசும் உறவினர்கள் அந்த 289 நிமிடத்தை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.

பயணம் மனிதரை எவ்வளவு வருத்துகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2004-இல் வெளியான ஆய்வில் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வுவாரியாகக் கேட்டபோது, காலைப் பயணம்தான் மிகக் குறைந்த இன்பம் தந்த வேலையாக வந்தது. சுவிட்சர்லாந்தின் புரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டட்சர் இருவரும் ஜெர்மானியக் குடும்பத் தரவுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்து, நெடுந்தூரம் போகிறவர்கள் கூடுதல் சம்பளம் வாங்கியும் வாழ்க்கையில் நிறைவு குறைந்தவர்களாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்கள் முடிவு. பிரிட்டன் தரவை வைத்துப் பின்னர் செய்த சில ஆய்வுகளில் அந்த அளவு தொடர்பு தெரியவில்லை. என் கருத்து ஃபிரை பக்கம் சாய்கிறது. காரணம் எளியது: சம்பளம் ஏறியதன் மகிழ்ச்சி மூன்று மாதத்தில் பழகிவிடுகிறது, ஆனால் இன்று பஸ் தாமதமாகுமா, உட்கார இடம் கிடைக்குமா என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக வருகிறது.

ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்களின் கணக்கு வேறு. இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய தினப் பயணம் மதுரைக்குப் போவதல்ல, மலைக்குப் போவதுதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்துக்கு விடியுமுன் ஜீப்புகள் ஏறுகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பழம் எடுக்க, களை வெட்ட, மருந்தடிக்க ஆள் வேண்டும். 2015-இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் நடத்திய 'பெம்பிளை ஒருமை' போராட்டத்துக்குப் பிறகு கேரளத்தில் ஏலத்தோட்டக் குறைந்தபட்சத் தினக்கூலி 330 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அப்போதும் இப்போதும் மலைக்கூலி கீழே கிடைக்கும் கூலியைவிடக் கூடுதல். அதனால்தான் மலையேறுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

இங்கேயும் எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போடுவோம். கீழே காட்டு வேலை காலையில் தொடங்கி மதியம் முடிந்துவிடும். நடை சேர்த்து ஏழு மணி நேரம், கூலி 300 ரூபாய். மலைக்குப் போனால் காலை ஐந்தரைக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வீடு, பன்னிரண்டரை மணி நேரம், கூலி 500. வண்டிச் செலவு தோட்டத்தார் பொறுப்பு என்று கொள்வோம். கூடுதல் 200 ரூபாய், கூடுதல் நேரம் ஐந்தரை மணி. மணிக்கு 36 ரூபாய். கீழ்க்கூலியோ மணிக்கு 43. ஒரு நாளை மட்டும் பார்த்தால் மலைக்குப் போவது நஷ்டம்.

ஆனால் மாதத்தைப் பாருங்கள். கீழே நடவும் அறுப்பும் திராட்சைக் கவாத்தும் விட்டுவிட்டு வருகிறவை. மாதம் 12 நாள் வேலை கிடைத்தால் 3,600 ரூபாய். மலையில் ஏலம் ஒரே அறுவடையில் முடிவதில்லை. பழுத்ததை மட்டும் பறித்துவிட்டு, ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். இப்படிப் பல சுற்று போவதால் பருவத்தில் மாதம் 22 நாள் வேலை நிற்கும், 11,000 ரூபாய். கூடுதலாகக் கிடைக்கும் 7,400 ரூபாயை, கூடுதலாகப் போகும் 191 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 39 ரூபாய் வருகிறது. பார்வைக்கு இதுவும் அதே அளவுதான். வித்தியாசம் எங்கே என்றால், வீட்டில் மிஞ்சியிருக்கும் அந்த 191 மணி நேரத்தை 43 ரூபாய் கொடுத்து ஊரில் யாரும் வாங்குவதில்லை. வேலையே இல்லாத நாளின் மணிக்குக் கூலி இல்லை. ஆகவே அந்தப் பெண்ணுக்கு மலைப்பயணம் சரியான முடிவு. கணக்குப் பிள்ளை மதுரைக்குப் போவதோடு இதை ஒப்பிடக் கூடாது. அவருக்குத் தேனியில் 26 நாளும் வேலை இருக்கிறது. நேரத்தின் விலை என்பது நாம் விரும்பும் விலையல்ல, அந்த நேரத்தை வேறு எதில் மாற்ற முடியுமோ அதன் விலை.

மலைப்பயணத்தில் தினக்கூலியில் எழுதப்படாத செலவு வேறொன்று: ஆபத்து. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் அந்த வளைவுகளில் உருண்ட செய்திகள் இந்த மாவட்டத்தில் பலமுறை வந்திருக்கின்றன. எல்லை மூடினால் கூலியும் நிற்கும். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் 2011 டிசம்பரிலும், கொரோனா ஊரடங்கில் 2020-லும் அதைப் பார்த்தோம். வண்டி கவிழ்ந்தால் ஈடு யார் தருவது? ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்த்த பிரிவு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலைக்கால விபத்தாகவே கொண்டது. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும், அதாவது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்கும், அதே பொருளைக் கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக்கு இரவுக்காவல் பணிக்குப் பைக்கில் போகும் வழியில் இறந்த ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு பெரிது, ஆனால் பயன்பட வேண்டுமானால் யாரிடம் வேலை பார்த்தோம் என்பதற்குச் சான்று வேண்டும். கங்காணி சொல்லி ஜீப்பில் ஏறி, இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம் என்று போகிறவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு அவர் வீட்டுக்கு எட்டாது. தோட்டத்தின் பெயரும் மேற்பார்வையாளர் எண்ணும் கூலி வாங்கிய தேதியும் ஒரு நோட்டில் இருப்பது நல்லது. கூலி வங்கிக் கணக்கில் வந்தால் இன்னும் நல்லது.

மதுரை வேலைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். மேலே போட்டது இன்றைய மாதத்தின் கணக்கு. தேனியில் 15,000 வாங்குகிறவர் ஐந்தாண்டு கழித்து 18,000-ல் நிற்கலாம். பெரிய மருத்துவமனையின் பில்லிங்கில் இன்சூரன்ஸ் கிளெய்ம் வேலையைக் கற்றவருக்கு இரண்டாண்டில் 32,000 ரூபாய் வேலை கிடைக்கலாம். அல்லது அந்த அனுபவத்தோடு தேனியிலேயே நல்ல சம்பளத்துக்குத் திரும்பலாம். அப்படியொரு கதவு திறக்கும் என்று தெரிந்தால், மணிக்குப் பதினைந்தரை ரூபாய் என்பது படிப்புக்குக் கட்டும் கட்டணம் போல ஆகிவிடுகிறது. அதற்கும் கால எல்லை வேண்டும். சேர்ந்த இடத்தில் இரண்டாண்டு முன் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் விவரம் வெளிச்சமாகும். அதே இருக்கையில் இருக்கிறார்கள் என்றால் கதவு இல்லை.

மதுரையில் அறை எடுத்துத் தங்குவது இடைவழி. தினப் பயணம் வாரப் பயணமாகிறது, நூறு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். அறை வாடகையும் மெஸ் சாப்பாடும் அந்த எட்டாயிரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தனியாளுக்கு இது சரிவரும். குழந்தையும் வயதான பெற்றோரும் வீட்டில் இருப்பவருக்கு, மிஞ்சிய நேரம் கிடைக்கும் இடம் வேறாகவும் தேவைப்படும் இடம் வேறாகவும் போய்விடும். குடும்பத்தோடு குடிபெயர்வதென்றால் முன்பணம், பள்ளி மாற்றம் எல்லாம் உண்டு. பழனிசெட்டிபட்டியில் சொந்த வீடு வைத்திருப்பவர் வாடகை கொடுக்காமல் இருப்பதையே ஒரு சம்பளமாக எண்ண வேண்டும்.

இந்தக் கணக்கில் தனி மனிதர் மாற்ற முடியாத ஒரு எண் இருக்கிறது, அது பஸ்ஸின் இரண்டே முக்கால் மணி. அதை மாற்றக்கூடியது ரயில். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 1928-இல் வந்தது. 2010-ன் முடிவில் அகலப்பாதைக்காக மூடினார்கள். பதினோரு ஆண்டுக்கு மேல் கழித்து 2022 மே மாதம் தேனிவரையும், 2023 ஜூனில் போடிவரையும் ரயில் திரும்பியது. மதுரையிலிருந்து தேனிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஆனால் முன்பதிவில்லா ரயிலின் நேரம், காலையில் மதுரையில் கிளம்பி மாலையில் மதுரை திரும்புவதாக அமைந்தது. மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்க்கும் அலுவலருக்கு அது கச்சிதம். தேனிப் பக்கத்தில் குடியிருந்து மதுரையில் சம்பாதிக்க நினைப்பவருக்கு அதில் பயனில்லை.

திசை மாறி ஓடியிருந்தால் என்ன ஆகும் என்று அதே கணக்கில் வைத்துப் பார்த்தேன். மாத சீசன் டிக்கெட் பொதுவாகப் பதினைந்து ஒற்றைப் பயணக் கட்டண அளவில்தான் வரும். அதற்கு 500 ரூபாய், ஸ்டேஷன்வரை பைக்குக்குப் பழைய 515, மதுரையில் நகரப் பேருந்துக்கு 520. சற்றுத் தாமதமாகக் கிளம்பலாம் என்பதால் வெளிச்சாப்பாடு ஆயிரம். கூடுதல் செலவு 4,945-லிருந்து 2,020 ஆகக் குறைகிறது. பயணம் நாளுக்கு நான்கு மணியானால் கூடுதல் நேரம் 87 மணி. காப்பீட்டையும் கழித்தபின் கையில் நிற்பது 4,890 ரூபாய், மணிக்கு 56. அதே 23,000 ரூபாய் வேலை, பதினைந்தரையிலிருந்து ஐம்பத்தாறுக்கு வந்துவிடுகிறது. முதலாளி ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்கவில்லை.

ஆகவே மதுரை வேலைக்கு அழைப்பு வந்திருக்கும் இளைஞர்களும் பெண்களும் தங்கள் தொகைகளை இந்தக் கணக்கில் வைத்துப் போட்டுப் பாருங்கள். 21,000 வரம்பை மறக்காதீர்கள். சம்பளம் ஒன்றே முக்கால் மடங்குக்குக் கீழே இருந்து, இரண்டாண்டில் மேலே போகும் வழியும் தெரியவில்லையென்றால் தேனி வேலையை விடாதீர்கள். மாவட்ட மக்கள் பிரதிநிதிகளும் தெற்கு ரயில்வேயும் செய்ய வேண்டியது ஒன்று: வேலை நேரத்துக்கு முன் மதுரை சேரும்படி போடியிலிருந்து காலையில் ஒரு ரயிலும், மாலை ஆறு மணிக்குமேல் மதுரையிலிருந்து திரும்ப ஒரு ரயிலும் விடுங்கள்.